ஒரு பாரோமீட்டரும் அரை மாத்திரையும்

2001ஆம் ஆண்டு. ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கயிறு, பெயிண்ட், கையுறை, கருவிகள் என்று கேட்டதையெல்லாம் வாங்கி அனுப்பும் சிறிய நிறுவனம். மயிலாடுதுறையிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கப்பல்காரர்கள் அனுப்பும் பட்டியலைப் படித்து, எந்தப் பொருள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று பார்த்து, போன் போட்டு ஆர்டர் கொடுப்பது என் வேலை.

அன்று ஒரு சரக்குக் கப்பலிலிருந்து அவசரப் பட்டியல் வந்தது. மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கப்பல் புறப்படுகிறது. பட்டியலில் இருந்த ஏழு பொருள்களில் ஒன்று பாரோமீட்டர். காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அந்தக் கருவியின் முள் இறங்கத் தொடங்கினால் புயல் நெருங்குகிறது என்று மாலுமி அறிவார். கப்பலில் இருந்தது பழுதாகிவிட்டதால் புதியது வேண்டும். அந்தச் சொல் எனக்கு நேற்று அறிமுகமானதில்லை. பள்ளியில் பாதரசமும் கண்ணாடிக் குழாயும் டாரிசெல்லியும் படித்தபோதே மனத்தில் பதிந்தது.

கருவிகள் விற்கும் ஒரு கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த விற்பனையாளர். “பாரோமீட்டர் ஒன்று, அவசரம், கப்பலுக்கு” என்றேன். அவர் ஒரு நொடி நிதானித்து, “பவர் மீட்டரா?” என்று கேட்டார். போனில் அது நான் சொன்ன சொல்லாகவே என் காதில் விழுந்தது. ஆமாம் என்றேன். சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று கேட்டார். பாரோமீட்டருக்கு ஏன் ஃபேஸ் என்று நான் யோசித்திருக்க வேண்டும். கேள்வி சரியாகப் புரியாததால், மீண்டும் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, “பா-ரோ-மீட்-டர்” என்றேன். “சரி, சரி, பவர் மீட்டர்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெட்டி வந்தது. உள்ளே மின்சாரத்தின் திறனை அளக்கும் கருவி இருந்தது. முதலாளி டாக்சி பிடித்து அந்தக் கடைக்கே நேரில் போய், கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பாரோமீட்டரைக் கையால் காட்டி வாங்கி, மூன்று மணிக்குள் துறைமுகத்தில் சேர்த்தார். திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. இனிமேல் அந்தக் கடைக்குப் போன் வேண்டாம், ஃபேக்ஸ் அனுப்பு என்று மட்டும் சொன்னார். சீனரான முதலாளியும், மலாய்க்காரரான கிடங்குப் பொறுப்பாளரும், நானும் அந்தச் சொல்லை ஒரே மாதிரிதான் சொன்னோம். எங்கள் மூவருக்குள் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. அப்படியிருக்க, அந்த மொழிக்குச் சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் ஏன் புரியவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தேக்காச் சந்தைக்கு மேலே பஃபலோ ரோடு அடுக்குமாடி ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஊரிலிருந்து வந்த பையன்களுக்குக் கட்டணம் வாங்காமல் ஆங்கிலம் கற்பித்துவந்தார். நண்பர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். நடந்ததைச் சொன்னேன்.

“அந்தச் சொல்லை எனக்கு ஒரு தடவை சொல்லுங்க தம்பி” என்றார். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். “நீங்க ஒரு சொல் சொல்லலை. ரெண்டு சொல் சொன்னீங்க” என்றார்.

அவர் அன்று விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு நீண்ட சொல்லில் ஓர் அசைக்குத்தான் முழு அழுத்தம் விழும். அந்த அசை உரக்கவும் நீண்டும் குரல் சற்று ஏறியும் ஒலிக்கும். மற்ற அசைகள் சுருங்கிவிடும். அவற்றின் உயிரொலி தன் அடையாளத்தை இழந்து, வாயைச் சும்மா திறந்தால் வரும் ஒரு மங்கலான ‘அ’ ஆகவோ ‘இ’ ஆகவோ ஆகிவிடும். ஆங்கிலேயர் பாரோமீட்டர் என்பதை ‘ப-ரா-மி-ட்ட’ என்கிறார்கள். இரண்டாவது அசையான ‘ரா’ மட்டும் எழுந்து நிற்கும். முன்னால் உள்ள ‘ப’ காதில் பட்டும் படாமலும் போகும். பின்னால் வருவது ‘மீட்டர்’ இல்லை, வெறும் ‘மிட்ட’. நான் சொன்னதில் ‘பா’ நெடில், ‘ரோ’ நெடில், ‘மீ’ நெடில். அழுத்தம் ‘பா’விலும் ‘மீ’யிலும் விழுந்தது. அழுத்தம் விழ வேண்டிய ‘ரோ’ நடுவில் நசுங்கிவிட்டது.

இது ஏன் பவர் மீட்டர் ஆனது என்பதற்கும் காரணம் உண்டு. பவர் மீட்டர், வோல்ட் மீட்டர், ஃப்ளோ மீட்டர் போன்றவை இரண்டு சொற்கள் ஒட்டிய கூட்டுச்சொற்கள். அவற்றில் முதல் பகுதி அழுத்தம் பெறும், ‘மீட்டர்’ தன் நெடிலை இழக்காது. நான் சொன்ன ஒலி அந்த அச்சில்தான் இருந்தது. முன்னால் அழுத்தமாகப் ‘பா’, பின்னால் முழுதாக ‘மீட்டர்’. அந்த அச்சில் பொருந்தும் சொல்லைத் தேடிய காதுக்குக் கிடைத்தது ‘பவர்’. அவர் கவனக்குறைவாகக் கேட்கவில்லை. நான் கொடுத்த ஒலிக்குத் தகுந்த சொல்லைத்தான் கண்டுபிடித்தார்.

பிற்காலத்தில் இதற்கு ஆய்வுச் சான்று இருப்பதைப் படித்தேன். ஆன் கட்லர், டேவிட் கார்ட்டர் என்ற இருவர் 1987இல் ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளை எண்ணிப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். உரையாடலில் வரும் பெயர், வினை போன்ற பொருள்தரும் சொற்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அழுத்தமான அசையில் தொடங்குகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அந்த மொழியில் வளர்ந்த காது இதைப் பழக்கத்தால் அறிந்திருக்கிறது. அழுத்தமான அசை வந்தால் அங்கே ஒரு புதுச் சொல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறது. நான் ‘மீ’யை அழுத்தியதும் அங்கே இரண்டாவது சொல் பிறந்துவிட்டது. டீச்சர் இந்தக் கட்டுரையைப் படித்தவரா என்று தெரியாது. ஆனால் “ரெண்டு சொல் சொன்னீங்க” என்று அவர் காதால் கண்டுபிடித்ததும் அந்த ஆய்வு சொல்வதும் ஒன்றே.

“நமக்கு இப்படிச் சுருக்கிப் பேசற பழக்கமே கிடையாதே டீச்சர், எழுத்து எழுத்தாச் சொல்லித்தானே வளர்ந்தோம்” என்றேன். அவர் ஒரு தாளில் இரண்டு சொற்களை எழுதினார். பசு, பாட்டு. இரண்டையும் சொல்லச் சொன்னார். பசுவின் கடைசி உகரத்தில் உதடு குவிந்தது. பாட்டின் கடைசி உகரத்தில் உதடு குவியவே இல்லை.

“இது என்ன?”

“குற்றியலுகரம்.”

“எத்தனை மாத்திரை?”

“அரை.”

“ஒரு மாத்திரை உள்ளதை அரையாக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஆங்கிலம் எதுக்குத் தெரியாமப் போகும்?”

அன்று எனக்குள் ஒரு கதவு திறந்தது. ஐகாரக் குறுக்கத்தையும் அவர் நினைவூட்டினார். தனியே நின்றால் இரண்டு மாத்திரை பெறும் ஐகாரம், ‘தலை’ என்ற சொல்லின் இறுதியில் ஒரு மாத்திரையாகக் குறைகிறது. பேச்சில் அது ‘தலெ’ என்றே ஆகிவிடுகிறது. ஆக, ஓர் எழுத்து சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தன் அளவில் குறையும் என்பது நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் குறுக்கம் சில எழுத்துகளுக்கு, சில இடங்களில் மட்டும் வரும். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசை எதுவானாலும் குறுகத் தயாராக நிற்கிறது. தமிழில் குறிலா நெடிலா என்பதுதான் பொருளை மாற்றும். கலை வேறு, காலை வேறு. அழுத்தத்தின் இடம் மாறினால் தமிழ்ச் சொல் வேறு சொல்லாக ஆகிவிடாது. அதனால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனிக்க நம் காது பழகவில்லை. நெடில் எங்கே என்று கவனிக்கப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர். சொல்லில் ஒரே ஒரு நெடில், மற்றதெல்லாம் குறுக்கம்.

அதற்கு அவர் வைத்திருந்த கருவி, சாப்பாட்டுப் பொட்டலத்தில் சுற்றி வரும் ரப்பர் வளையம். இரண்டு கைக் கட்டைவிரல்களிலும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். சொல்லைச் சொல்லும்போது அழுத்தமான அசையில் மட்டும் வளையத்தை இழுக்க வேண்டும். மற்ற அசைகளில் அது தளர்ந்தே இருக்க வேண்டும். ‘ப’ என்னும்போது தளர்வு, ‘ரா’ என்னும்போது இழுப்பு, ‘மிட்ட’ என்னும்போது மீண்டும் தளர்வு. முதல் நாள் என் கை ‘பா’வுக்கே இழுத்தது. நாக்கை மாற்றுவதைவிடக் கையை மாற்றுவது எளிது. கை மாறியதும் நாக்கு தானாக அதன் பின்னால் வந்தது.

அழுத்தம் எந்த அசையில் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டீச்சரிடம் டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி இருந்தது. 1917இல் முதல் பதிப்பு வந்த நூல். அதில் அழுத்தமான அசைக்கு முன்னால், மேலே ஒரு சிறு நிமிர்கோடு இருக்கும். இன்றைக்கு எந்த நல்ல ஆங்கில அகராதியிலும் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். நான் அதுவரை அகராதியில் பொருளை மட்டும் பார்த்து மூடியவன். அந்தக் கோடு ஏதோ அச்சுக்குறி என்று நினைத்திருந்தேன்.

அகராதி கையில் இல்லாதபோது நீண்ட சொற்களுக்குச் சொல்லின் வால் வழிகாட்டும். கருவிப் பெயர்களில் ‘மீட்டர்’ என்ற வாலுக்கு முந்திய அசை அழுத்தம் பெறும். தெர்மாமீட்டரில் ‘மா’, பாரோமீட்டரில் ‘ரா’, ஸ்பீடாமீட்டரில் ‘டா’. நீள அளவுகளில் அப்படி இல்லை. சென்டிமீட்டர், மில்லிமீட்டர் இரண்டிலும் முதல் அசைதான். கிலோமீட்டருக்கு மட்டும் ஆங்கிலேயரிடையிலேயே இரண்டு வழக்கும் உண்டு.

அதேபோல் ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடியும் சொற்களில் அந்த வாலுக்கு முந்திய அசையில் அழுத்தம் நிற்கும். வால் மாறினால் அழுத்தமும் இடம் மாறும். எலெக்ட்ரிக் என்பதில் ‘லெக்’ எழுந்து நிற்கிறது. எலெக்ட்ரிசிட்டி என்றதும் அது ‘ட்ரி’க்குத் தாவுகிறது. ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை. படம் எடுப்பவரைச் சொல்லும்போது ‘ஃப-டா-கிர-ஃபர்’, இரண்டாவது அசை. ஃபோட்டோகிராஃபிக் என்றால் ‘கிரா’, மூன்றாவது அசை. ஒரே குடும்பத்துச் சொற்கள்தான். ஆனாலும் தாய்ச்சொல்லின் அழுத்தத்தை வைத்துக்கொண்டு பிள்ளைச்சொல்லைச் சொன்னால் கேட்பவருக்கு அது பிடிபடுவதில்லை. நாம் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எழுத்து மாறாததால் ஒலியும் மாறாது என்று நம்பிவிடுகிறோம். இந்த வால்விதிக்கும் விலக்குகள் உண்டு. பாலிடிக்ஸ், அராபிக் இரண்டிலும் முதல் அசையே அழுத்தம் பெறும். அதனால் விதி சந்தேகத்தைக் குறைக்கும், கோடுதான் தீர்த்துவைக்கும் என்பார் டீச்சர்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நான் சிலிண்டர், காலண்டர், அலர்ஜி என்று ஒரு பட்டியல் கொண்டுபோனேன். தமிழில் சொல்லும்போது இவற்றில் நடு அசை கனக்கிறது. ‘லிண்’, ‘லண்’, ‘லர்’ மூன்றும் ஒற்றடுத்து நிற்பதால் குரல் தானாக அங்கே அமர்கிறது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் முதல் அசையில்தான் அழுத்தம். “காலண்டரை நானும் நடுவிலதான் அழுத்துவேன், எங்க ஊர்ல சீனங்க, மலாய்க்காரங்க எல்லாரும் அப்படித்தான்” என்றார் டீச்சர். அது உண்மை. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் காலண்டருக்கும் கேரக்டருக்கும் இரண்டாவது அசையை அழுத்துவது பரவலான வழக்கம். லோ ஈ லிங், எஸ்தர் கிரேப், ஃபிரான்சிஸ் நோலன் மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்த உயிரொலிகள் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். பிரிட்டிஷ் பேச்சில் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் மாறி மாறி வருகின்றன. சிங்கப்பூர்ப் பேச்சில் அவை சம அளவுக்கு நெருங்குகின்றன. முதலாளியும் கிடங்குப் பொறுப்பாளரும் நானும் ஏன் ஒருவரை ஒருவர் சிரமமின்றிப் புரிந்துகொண்டோம் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. எங்கள் மூவரின் தாய்மொழிகளும் வேறு. ஆனால் எங்கள் ஆங்கிலத்தில் எல்லா அசைகளும் ஏறக்குறைய சமமாகவே நடந்தன.

அதனால் தவறு என்ற சொல்லை நான் கவனமாகத்தான் பயன்படுத்துகிறேன். சிராங்கூன் சாலையில் காலண்டர் வாங்குபவர் நடு அசையை அழுத்தினால் அங்கே ஒரு குறையும் இல்லை. கேட்பவரின் காது வேறு மண்ணில் பழகியதாக இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. அதிலும் அழுத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது முக்கியம். ஜான் ஃபீல்ட் என்பவர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஈரசைச் சொற்களின் அழுத்தத்தை இடம் மாற்றிப் பதிவு செய்து, கேட்டவர்களை எழுதச் சொன்னார். அழுத்தம் முன் அசையிலிருந்து பின் அசைக்கு நகர்ந்தபோது ஏற்பட்ட சேதம், பின்னிருந்து முன்னுக்கு நகர்ந்தபோது ஏற்பட்டதைவிட அதிகமாக இருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இது பொருந்தியது. சிலிண்டரின் ‘லிண்’ணை அழுத்தினால் அந்தக் காது ‘லி’யில் தொடங்கும் சொல்லைத் தேடப் போய்விடும். முன்னால் வந்த ‘சி’ அதற்கு வேறொரு சொல்லின் துணுக்காகத் தோன்றும்.

நான் செய்த இன்னொரு பிழையையும் டீச்சர்தான் காட்டினார். புரியவில்லை என்று ஒருவர் சொன்னதும் நாம் குரலை உயர்த்தி, அசை அசையாக உடைத்துச் சொல்கிறோம். அன்று போனில் நான் செய்தது அதுதான். அப்படி உடைக்கும்போது நான்கு அசைகளும் முழு அழுத்தம் பெறுகின்றன. கேட்பவருக்கு இருந்த ஒரே அடையாளமும் அழிந்துபோகிறது. உதவி என்று நினைத்துச் செய்வதே தொல்லையாகிறது. கேட்டவர் நாம் சொல்லாத இன்னொரு சொல்லைத் திருப்பிச் சொன்னால் அழுத்தம் இடம் மாறிவிட்டது என்று அறியலாம். அப்போது குரலை உயர்த்தாமல், அழுத்தத்தை அடுத்த அசைக்கு நகர்த்திச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதுவும் உதவாவிட்டால் பொருளை விளக்கிவிட வேண்டும். காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி என்று அன்று நான் சொல்லியிருந்தால் டாக்சிச் செலவு மிஞ்சியிருக்கும்.

காற்றழுத்தமானி என்ற தமிழ்ப் பெயரை நினைவுபடுத்தியவரும் டீச்சர்தான். காற்றின் அழுத்தத்துக்கும் சொல்லின் அழுத்தத்துக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம் என்று அவர் சொன்னபோது, அந்தக் கருவியை என்னால் ஏன் மறக்க முடியாது என்று புரிந்தது.

நான்கு மாதம் கழித்து வேறொரு கப்பலுக்குப் பாரோமீட்டர் தேவைப்பட்டது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அதே கடைக்குப் போன் செய்தேன். அதே விற்பனையாளர்தான் எடுத்தார். மேசைக்கு அடியில் என் கட்டைவிரல்களில் ரப்பர் வளையம் இருந்தது. சொல்லை ஒரே ஒருமுறை சொன்னேன். “எத்தனை வேண்டும்?” என்று கேட்டார்.

டீச்சர் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஊர்க்காரப் பையன்களைச் சந்திக்கும்போது அவர் செய்ததில் ஒரு சிறு பங்கை நான் செய்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தம்பி நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். தன் சர்டிஃபிகேட்டைப் பற்றிச் சொல்லும்போது ‘சர்’ரையும் ‘கேட்’டையும் அழுத்தினார். நடுவில் உள்ள ‘டி’யை இழுத்து, கடைசியை ‘கெட்’ என்று சுருக்கச் சொல்லிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. டெவலப்மெண்ட் என்பதில் ‘வெ’யை அழுத்துவதற்கு இன்னொரு பத்து நிமிடம் ஆனது.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய சொல் வந்தால் நோட்டில் அதன் எழுத்தையும் பொருளையும் எழுத வைக்கிறீர்கள். அதோடு, அழுத்தமான அசைக்கு முன்னால் பென்சிலால் ஒரு சிறு கோட்டையும் போட வையுங்கள்.